பார்த்த கொலுசே மறுபடி கண்முன் வர வேண்டுமா? கேட்டலாக் ஃபீடுக்கு நான்கு வழிகள், மூன்று கடைகள்

போன மாதம் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு விற்பவர். இன்னொருவர் இளம்பிள்ளையில் வீட்டிலிருந்தே சேலை வியாபாரம் செய்யும் அக்கா. மூன்றாவது ஏற்காட்டில் காபித்தூளும் மிளகும் விற்கும் தம்பதி. மூவருக்கும் சொந்தமாக வலைத்தளம் இருக்கிறது, ஃபேஸ்புக் விளம்பரமும் ஏற்கெனவே போட்டுப் பார்த்தவர்கள்தான். கொலுசுக்காரர் கேட்ட விதத்திலேயே சொல்கிறேன்: "நம்ம தளத்துல ஒரு பொருளைப் பாத்துட்டுப் போனவங்களுக்கு இன்ஸ்டாகிராம்ல அதே பொருள் திரும்ப வருதுல்லங்க, அதுக்கு லிஸ்ட் எப்படிக் கொடுக்கறது? ஷீட்டா, பிளகினா, கையாலயே ஏத்திடலாமா?"

மூவருக்கும் மூன்று வேறு பதில் சொன்னேன். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பேச்சு முழுக்க மெட்டாவைப் பற்றியது, அதாவது ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும்.

முதலில், இது எப்படி வேலை செய்கிறது

இதில் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் கேட்டலாக். உங்கள் பொருள்களின் பட்டியல் அது, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி. அந்த வரியில் ஐடி, பெயர், விலை, ஸ்டாக் இருக்கிறதா, பக்கத்தின் லிங்க், படத்தின் லிங்க் எல்லாம் இருக்கும். இந்தப் பட்டியலை மெட்டாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிதான் ஃபீட். மறுபக்கம் பிக்சல். தளத்தில் ஒட்டிவைக்கும் சின்ன நிரல்துண்டு, அதாவது கோடு. யாராவது ஒரு பொருளைத் திறந்தால், "இந்த ஐடி உள்ள பொருளைப் பார்த்தார்" என்று அது மெட்டாவுக்குச் சொல்லும்.

பிக்சல் சொல்லும் ஐடியும் கேட்டலாக்கில் உள்ள ஐடியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால், பார்த்த பொருள் அவர் கண்முன் திரும்ப வரும். ஒரு எழுத்து மாறினாலும் வராது. விளம்பரம் என்னவோ ஓடும், காசும் போகும், ஆனால் பார்த்தவருக்கும் பார்த்த பொருளுக்கும் தொடர்பு விட்டுப்போயிருக்கும். இந்தத் துறையில் நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்தில்தான்.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரியும். வாட்ஸ்அப்பில் மட்டும் விற்பவர்களுக்கு, 'பார்த்ததைத் திரும்பக் காட்டும்' விளம்பரம் இப்போதைக்குக் கிடையாது. பார்த்ததைச் சொல்ல அங்கே பிக்சல் இல்லை.

எதை வைத்து எடைபோடுவது

நான் நான்கு கேள்வி கேட்பேன். விலை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறுகிறது? ஸ்டாக் எத்தனை வேகமாகத் தீர்கிறது? பிக்சலின் ஐடியோடு ஒத்துப்போக இந்த வழியில் எவ்வளவு பாடு? கடைசியாக, நான் கிளம்பிப் போன பிறகு தினமும் இதைக் கவனிக்கப்போகிறவர் யார்?

நாலாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

| வழி | விலை மாறினால் | ஐடி ஒத்துப்போக | தினசரி வேலை | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| கையால் ஏற்றுவது | நீங்களே மாற்ற வேண்டும் | ஐடியை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும் | கம்மி, ஆனால் மறந்துபோகும் | பழைய விலை அப்படியே தங்கிவிடும் |
| ஷீட் அல்லது ஃபைல் லிங்க் | குறித்த நேரத்தில் வந்து எடுக்கும் | கவனம் தேவை | ஷீட் என்றால் உண்டு, தளமே எழுதும் ஃபைல் என்றால் இல்லை | ஒரு வரி அழிந்தால் பொருளே போய்விடும் |
| கடை மென்பொருள் இணைப்பு | தளத்தில் மாற்றினால் போதும் | பெரும்பாலும் தானாக | தளத்து ஸ்டாக்கைச் சரியாக வைத்தால் போதும் | இரண்டு பிக்சல் மோதும் ஆபத்து |
| பிக்சலே நிரப்புவது | யாராவது பக்கத்தைத் திறந்தால்தான் | பக்கத்துக் குறிச்சொல் சரியாக இருந்தால் | இல்லை | யாரும் திறக்காத பொருள் பட்டியலில் வராது |

கையால் ஏற்றுவது: ஏற்காட்டுக் கடை

ஏற்காட்டுத் தம்பதியிடம் மொத்தம் பதினான்கு பொருள்கள். காபித்தூள் கால் கிலோ, அரைக் கிலோ, சிக்கரி கலந்தது, கலக்காதது, மிளகு, இன்னும் சில. விலை வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மாறும். அவ்வளவுதான். இதற்கு ஷீட்டும் வேண்டாம், பிளகினும் வேண்டாம். மெட்டாவின் கேட்டலாக் பக்கமான Commerce Manager-இல் ஒரு மதியம் உட்கார்ந்தால் கையாலேயே ஏற்றிவிடலாம். ஐம்பது பொருளுக்குள், அடிக்கடி மாறாத சரக்கு என்றால் எனக்கு இந்த வழிதான் முதல் தேர்வு.

ஒரு பொறி உண்டு. கையால் சேர்க்கும் படிவத்தில் Content ID என்று ஒரு கட்டம் இருக்கிறது. கட்டாயமில்லை என்பதால் ஆட்கள் காலியாக விட்டுவிடுவார்கள். விட்டால் மெட்டா தானே ஏதோ ஒரு ஐடியைப் போட்டுக்கொள்ளும். தளத்தின் பிக்சலோ `coffee-250` என்று சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. பிக்சல் என்ன ஐடி அனுப்புகிறது என்று முதலில் பார்த்து, அதையே இந்தக் கட்டத்தில் எழுத வேண்டும்.

இதற்கு மேல் அவர்களிடம் இன்னொன்றும் சொன்னேன், கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். அவர்கள் தளத்துக்கு ஒரு நாளைக்கு இருபது பேர் வருகிறார்கள். பார்த்தும் வாங்காதவர்களைப் பதினான்கு நாள் வரை பின்தொடர்ந்தாலும் அதிகபட்சம் இருநூற்றெண்பது பேர், வந்தவர்களே திரும்ப வந்திருந்தால் அதற்கும் குறைவு. இத்தனை சின்னக் கூட்டத்தின் மேல் தினம் ஐந்நூறு ரூபாய் செலவழித்தால், ஒரே ஆளுக்கு ஒரே காபிப் பொட்டலம் திரும்பத் திரும்பக் காட்டப்படும். பதினான்கு பொருளில் நாலைந்துதான் ஓடுகிற சரக்கு. அந்த நாலைந்தையும் வைத்து ஒரு சாதாரண வரிசைப்பட விளம்பரம் போட்டு, தளத்துக்கு வந்தவர்களுக்குக் காட்டினால் கிட்டத்தட்ட அதே பலன். கேட்டலாக்கை ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள், வருகை பெருகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

ஷீட், ஃபைல் லிங்க்: செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு

இந்தக் கதைதான் கொஞ்சம் நீளம், ஏனென்றால் சரக்கே சிக்கலானது. நூற்று நாற்பது டிசைன், டிசைனுக்கு நான்கு அளவு: ஒன்பதரை, பத்து, பத்தரை, பதினொன்று அங்குலம். ஆக 560 வரிகள். வெள்ளி ரேட் தினமும் மாறுகிறது, ஆகவே 560 விலையும் தினமும் மாறுகிறது. கையால் ஏற்றுவது என்ற பேச்சே இல்லை. தளம் உள்ளூர்ப் பையன் ஒருவன் சொந்தமாகக் கோடு எழுதிக் கட்டியது, அதனால் தயாரான பிளகினும் கிடையாது.

முதலில் கூகுள் ஷீட்டில் ஆரம்பித்தோம். ஒரு தாளில் கணக்கு, இன்னொரு தாளில் ஃபீட். கணக்கு எப்படி என்றால், பத்து அங்குலக் கொலுசு ஒரு ஜோடி 48 கிராம். வெள்ளி கிராம் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், செய்கூலி கிராமுக்கு 25. வெள்ளி 9,600, கூலி 1,200, சேர்த்து 10,800. அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி 324. மொத்தம் 11,124 ரூபாய். மறுநாள் ரேட் ஐந்து ரூபாய் ஏறினால் அதே கொலுசு 11,371. ஒரே நாளில் 247 ரூபாய் வித்தியாசம். விளம்பரத்தில் 11,124 பார்த்துவிட்டு உள்ளே வந்தவர் 11,371 பார்த்தால் என்ன நினைப்பார்? "ஏமாத்தறாங்க" என்றுதான் நினைப்பார்.

கணக்குத் தாளின் விலைக் கட்டத்துக்கு இந்தச் சூத்திரம் போட்டோம், ஃபீட் தாள் விலையை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். F-இல் கிராம், G-இல் கிராமுக்கான கூலி, `rate` என்ற தாளின் B1-இல் அன்றைய ரேட்:

```
=TEXT(ROUND(F2*(rate!$B$1+G2)*1.03,0),"0.00")&" INR"
```

மெட்டா கேட்கும் விலை வடிவம் `11124.00 INR`. ரூபாய்க் குறி வேண்டாம், நடுவில் காற்புள்ளி வேண்டாம். ஒரு வரி முழுதாக இப்படி இருக்கும்:

```
id,item_group_id,title,description,availability,condition,price,link,image_link,brand,size
K0142-10,K0142,முத்துக் கொலுசு 10 அங்குலம்,48 கிராம் வெள்ளிக் கொலுசு ஜோடி,in stock,new,11124.00 INR,https://example.com/k0142?size=10,https://example.com/img/k0142-a.jpg,கடைப் பெயர்,10
```

தலைப்பு வரியில் உள்ள ஆங்கிலப் பெயர்களை மாற்றக் கூடாது. `in stock`, `new` இரண்டும் அப்படியே இருக்க வேண்டும். பெயரும் விவரமும் தமிழில் இருக்கலாம். `item_group_id` என்பது நான்கு அளவையும் ஒரே டிசைன் என்று கட்டிவைக்கும் கயிறு. அது இல்லையென்றால் ஒரே கொலுசு நான்கு தனிப் பொருளாக விளம்பரத்தில் வரிசையாக வந்து நிற்கும்.

ஷீட்டைப் பகிரும்போது ஒன்று கவனியுங்கள். முழு ஷீட்டையும் 'லிங்க் உள்ளவர் பார்க்கலாம்' என்று திறந்துவிட்டால், கிராமுக்கு என்ன கூலி வைக்கிறீர்கள் என்பதும் திறந்துவிடும். செவ்வாய்ப்பேட்டையில் பக்கத்துக் கடைக்காரர் அதைத்தான் தெரிந்துகொள்ள ஆசைப்படுவார். அதனால் Publish to web-க்குப் போய், ஃபீட் தாளை மட்டும் தேர்ந்தெடுத்து, CSV-யாக வெளியிட்டு, அந்த லிங்கை மட்டும் மெட்டாவுக்குக் கொடுத்தோம்.

சரி, இதில் எங்கே அடி வாங்கினோம்? மேலே உள்ள `K0142-10` என்ற ஐடி முதல் நாளே வந்துவிடவில்லை. கடையின் பில் புத்தகத்தில் டிசைன் நம்பர் 0142, அளவு 10. அதைச் சேர்த்து 014210 என்று ஐடி போட்டிருந்தோம். ஷீட் அதை எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் இருந்த பூஜ்யத்தைக் கழற்றிவிட்டது. கேட்டலாக்கில் 14210, தளத்தின் பிக்சலோ 014210 என்று அனுப்புகிறது. ஃபீட் எந்தப் பிழையும் காட்டவில்லை, ஏனென்றால் 14210 என்பதும் நல்ல ஐடிதான். விளம்பரம் ஓடியது. ஒரு வாரம் கழித்து கேட்டலாக்கின் Events பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று அங்கே காட்டும். பாதிக்குக் கீழே கிடந்தது. ஒத்துப்போனவற்றை வரிசையாகப் பார்த்தபோதுதான் உறைத்தது: 1000-க்கு மேல் நம்பர் உள்ள புது டிசைன் எல்லாம் சரியாக இருக்கிறது, பூஜ்யத்தில் தொடங்கும் பழைய டிசைன் ஒன்றுகூட இல்லை. ஷீட்டைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்தக் கட்டத்தை முதலிலேயே Plain text ஆக்காதது என் தவறு. அதிலிருந்து எந்தக் கடையாக இருந்தாலும் ஐடியை ஓர் எழுத்தில்தான் தொடங்குகிறேன். அந்த K வந்த கதை இதுதான்.

பிக்சல் பக்கத்திலும் ஒரு நுணுக்கம். வாடிக்கையாளர் டிசைன் பக்கத்தைத் திறக்கும்போது அளவை இன்னும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். அப்போது அளவோடு கூடிய ஐடியை அனுப்ப முடியாது. டிசைனின் ஐடியை அனுப்பி, இது குழுவின் ஐடி என்றும் சொல்ல வேண்டும்:

```js
fbq('track', 'ViewContent', {
  content_ids: ['K0142'],
  content_type: 'product_group'
});
```

கூடையில் போடும்போது அளவு தெரிந்துவிடும். அப்போது `AddToCart`-இல் `K0142-10` என்ற ஐடியும், `content_type` என்ற இடத்தில் `product` என்பதும். குழு ஐடியை அனுப்பிவிட்டு `product` என்று எழுதினால் ஒத்துப்போகாது. இந்த ஒரு சொல்லுக்காக அரை நாள் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்த தொல்லை நேரம். கடைக்காரர் காலை பதினொரு மணிக்குத் தளத்தில் ரேட் போடுவார். ஃபீடை நாங்கள் இரவு இரண்டு மணிக்கு எடுக்கும்படி வைத்திருந்தோம். அப்படியென்றால் காலை பதினொன்றிலிருந்து மறுநாள் விடியற்காலை இரண்டு வரை, பதினைந்து மணி நேரம், விளம்பரத்தில் ஒரு விலை, தளத்தில் வேறு விலை. மணிக்கொரு முறை எடுக்கும்படி மாற்றினோம். அதுவும் போதவில்லை, ஏனென்றால் ரேட்டை இப்போது இரண்டு இடத்தில் போட வேண்டியிருந்தது: தளத்தில் ஒருமுறை, ஷீட்டில் ஒருமுறை. கல்யாண சீசனில் கடையில் கூட்டம் இருந்த ஒரு நாள் ஷீட்டை மறந்துவிட்டார். மறப்பார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியில் தளத்தைக் கட்டிய பையனையே கூப்பிட்டு, தளமே ஃபீடை எழுதும்படி செய்தோம். பக்கத்தில் காட்டும் விலை எந்த இடத்திலிருந்து வருகிறதோ, அதே இடத்திலிருந்து ஒரு CSV ஃபைலை ஒரு லிங்கில் கொடுக்க வேண்டும். அவனுக்கு ஒரு நாள் வேலை. மெட்டா மணிக்கொரு முறை அந்த லிங்கை எடுக்கிறது. கடைக்காரர் ரேட்டை ஒரே இடத்தில்தான் போடுகிறார். அப்படியும் ஒரு மணி நேரம் வரை விலை பொருந்தாமல் இருக்கலாம் என்பதால், விளம்பரத்தின் எழுத்தில் விலையையே எடுத்துவிட்டு எடையைப் போட்டோம். கொலுசு வாங்குபவர் முதலில் கேட்பதும் அதைத்தானே: "எத்தனை கிராம்?"

ஷீட்டோ ஃபைலோ, இந்த வழியில் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. குறித்த நேரத்தில் எடுக்கும் முதன்மை ஃபீடில், ஃபைலில் இல்லாத வரி கேட்டலாக்கிலிருந்தும் நீக்கப்படும். யாராவது தவறுதலாக நூறு வரியை அழித்தால், அடுத்த தடவை எடுக்கும்போது நூறு பொருள் காணாமல் போகும். ஸ்டாக் தீர்ந்தால் வரியை அழிக்காதீர்கள், `out of stock` என்று மாற்றுங்கள்.

ஆக, ஷீட் யாருக்கு? நூறு, இருநூறு பொருள், வாரத்துக்கு ஒருமுறை மாறும் விலை, எக்செல் பழகிய ஓர் ஆள். இந்த மூன்றும் இருந்தால் தாராளமாகப் போடலாம். தினசரி மாறும் விலைக்குத் தளமே எழுதும் ஃபைல்தான்.

கடை மென்பொருள் இணைப்பு: இளம்பிள்ளைச் சேலை

இளம்பிள்ளை அக்காவின் தளம் வூகாமர்ஸ் என்ற கடை மென்பொருளில் இருக்கிறது. ஷாப்பிஃபையில் இருந்தாலும் கதை இதேதான். இதற்கென்று உள்ள இணைப்பைப் போட்டு மெட்டா கணக்கோடு கோர்த்துவிட்டால், தளத்தில் உள்ள பொருளெல்லாம் தானாகக் கேட்டலாக்குக்குப் போகும். விலையைத் தளத்தில் மாற்றினால் அங்கேயும் மாறும். ஐடியையும் பிக்சலையும் ஒரே மென்பொருள் கவனிப்பதால் இரண்டும் பொருந்திவிடும். இப்படிப்பட்ட தளம் ஏற்கெனவே இருந்தால், யோசிக்காமல் இந்த வழிக்குப் போங்கள்.

பொருந்தாமல் போவது எப்போது என்றால், பழைய பிக்சல் எங்கேயாவது ஒளிந்திருக்கும்போது. அக்காவின் தளத்தில் முன்பு யாரோ ஒருவர் பிக்சல் கோடைக் கையால் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். அது பொருளின் வெறும் எண்ணை, `873` என்று அனுப்பியது. புது இணைப்போ கேட்டலாக்கில் `SS-27_873` என்று எழுதியிருந்தது. இரண்டு பிக்சலும் ஒரே நேரத்தில் பேசின. ஒன்றின் பேச்சு பொருந்தியது, மற்றொன்றின் பேச்சு பொருந்தவில்லை, வருகைக் கணக்கு இரட்டிப்பானது. இதைக் கண்டுபிடிக்க குரோமில் Meta Pixel Helper என்ற நீட்டிப்பைப் போட்டு, ஒரு சேலைப் பக்கத்தைத் திறந்தால் போதும். `ViewContent` ஒருமுறைதான் வர வேண்டும். இரண்டுமுறை வந்தால் ஒன்றைப் பிடுங்க வேண்டியதுதான்.

ஆனால் இங்கே பெரிய பிரச்சினை ஸ்டாக்தான். ஒரு டிசைனில் ஒரு நிறத்துக்கு ஒன்றோ இரண்டோ சேலைதான் இருக்கும். தளத்தில் பார்க்கிறவர்கள் ஒரு பக்கம், வாட்ஸ்அப்பில் கேட்கிறவர்கள் மறுபக்கம். வாட்ஸ்அப்பில் விற்றுப்போன சேலை தளத்துக்குத் தெரியாது. தளத்துக்குத் தெரியாதது கேட்டலாக்குக்கும் தெரியாது. விளம்பரத்தில் வந்த மாம்பழ மஞ்சளை ஆசையாகத் தட்டி உள்ளே வந்து, பணம் கட்டிய பிறகு, "அது போயிடுச்சுங்க, வேற கலர் பாக்கறீங்களா?" என்று அக்கா போன் செய்ய வேண்டியிருந்தது. இந்தச் சங்கடத்துக்கு எந்தப் பிளகினிலும் மருந்து இல்லை. வாட்ஸ்அப்பில் பணம் வந்த கையோடு, போனில் உள்ள கடை ஆப்பைத் திறந்து அந்தச் சேலையின் ஸ்டாக்கைப் பூஜ்யமாக்க வேண்டும். அந்த வேலையை இப்போது அவர் மகள் பார்க்கிறாள்.

இரண்டு மாற்றம் செய்தோம். முன்பு ஒவ்வொரு சேலையையும் தனிப் பொருளாக ஏற்றியிருந்தார், விற்றதும் அந்தப் பொருளே செத்துவிடும். இப்போது டிசைன் ஒரு பொருள், நிறங்கள் அதன் வகைகள். மஞ்சள் போனாலும் அரக்கும் பச்சையும் விளம்பரத்தில் நிற்கின்றன. அடுத்தது, பார்த்தவர்களைப் பின்தொடரும் காலத்தைப் பதினான்கு நாளிலிருந்து நான்கு நாளாகக் குறைத்தோம். இரண்டு வாரம் கழித்துக் காட்ட அந்தச் சேலை இருக்கப்போவதில்லை.

அப்புறம் படம். இளம்பிள்ளையில் எல்லோரும் சேலைப் படத்தின் மேல் போன் நம்பரைப் பெரிதாக அடித்துவிடுவார்கள், பக்கத்துக் கடைக்காரர் படத்தைத் திருடாமல் இருக்க. காரணம் புரிகிறது, ஆனால் கேட்டலாக்குக்கு எழுத்தும் முத்திரையும் இல்லாத சுத்தமான படம் வேண்டும். குறைந்தது 500-க்கு 500 பிக்சல் அளவு, சதுரமாக இருந்தால் நல்லது. வாட்ஸ்அப் வழியாக நாலு பேரிடம் சுற்றி வந்த படம் நைந்துபோயிருக்கும். போனில் எடுத்த மூலப் படத்தை ஏற்றுங்கள். படத்தை மாற்றினால் ஃபைல் பெயரையும் மாற்றுங்கள். பழைய பெயரிலேயே புதுப் படத்தை வைத்தால், விளம்பரத்தில் பழையதே தொங்கிக்கொண்டிருக்கலாம்.

பிக்சலே நிரப்பும் வழி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு பொருள் பக்கத்திலும் `product:retailer_item_id`, `product:price:amount`, `product:price:currency`, `product:availability` போன்ற குறிச்சொற்கள் இருந்தால், யாராவது அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது பிக்சல் அவற்றைப் படித்துப் பொருளைத் தானே கேட்டலாக்கில் சேர்த்துவிடும். ஃபீடே வேண்டாம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் யாரும் திறக்காத பொருள் பட்டியலில் வராது, யாரும் திறக்காத வரை விலையும் பழையதாகவே நிற்கும். தினம் ரேட் மாறும் கொலுசுக்கு இதை நான் தொடவே மாட்டேன். ஆயிரக்கணக்கில் பொருள், நிறைய வருகை, குறிச்சொல்லை ஒழுங்காக எழுதத் தெரிந்த டெவலப்பர், ஆனால் ஃபீட் எழுத யாருக்கும் நேரமில்லை என்றால் இது பொருந்தும். சேலத்தில் எனக்குத் தெரிந்த கடைகளில் அப்படி ஒன்றும் இல்லை.

எந்த வழியிலும் வரும் செலவு

விளம்பரப் பணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. தினம் ஐந்நூறு என்று வைத்தால் மாதம் 15,000, வரியோடு 17,700. ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை, விளம்பரக் கணக்கில் தன் எண்ணைப் பதிந்து வைத்தால் அந்த 2,700-ஐ உள்ளீட்டு வரியாகக் கேட்கலாம். கம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அது திரும்பாது, செலவோடு செலவாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று பணமாகத் தெரியாத செலவு. விளம்பரத்தில் 'பார்த்தார், வாங்கவில்லை' என்ற கூட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். வாங்கினாரா இல்லையா என்பதைத் தளத்தில் நடக்கும் `Purchase` வைத்துத்தான் மெட்டா அறியும். நம் ஊர் ஆட்கள் தளத்தில் டிசைன் பார்த்துவிட்டு, நேரே கடைக்கு வந்து காலில் போட்டுப் பார்த்து வாங்குவார்கள். மெட்டாவுக்கு அவர் இன்னும் வாங்காதவர்தான். போன வாரம் கொலுசுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் புதுக் கொலுசு போட்ட காலோடு உள்ளே வந்து போனை நீட்டினார்: "அண்ணா, வாங்கிட்டுப் போயி ஒரு வாரம் ஆச்சு, இன்னும் போற எடமெல்லாம் இது தொரத்திக்கிட்டே வருது!" கடைக்காரர் சிரித்தார், ஆனால் அந்த ஒவ்வொரு காட்சிக்கும் காசு கொடுப்பது அவர்தான்.

அன்றிலிருந்து பில் போடும்போது வாடிக்கையாளரிடம் கேட்டு, சம்மதித்தவர்களின் போன் நம்பரை மட்டும் ஒரு பட்டியலில் சேர்க்கிறார்கள். சனிக்கிழமை தோறும் அதை விளம்பரக் கணக்கில் வாடிக்கையாளர் பட்டியலாக ஏற்றி, விளம்பரத்திலிருந்து விலக்கிவிடுகிறோம். எல்லா நம்பரும் ஒரு கணக்கோடு பொருந்திவிடாது. கொலுசுக்கடைப் பெண்ணின் நம்பர் பொருந்தியதா என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடுத்த தடவை வந்தால் அவரிடமே கேட்க வேண்டியதுதான்.